555: நேரம் சில்லுக்கு வெளியே இருக்கிறது

அடுக்குமாடிக் குடியிருப்பின் படிக்கட்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிகிறது. ஏறிப் போய்க் கதவைத் திறந்து உள்ளே நுழைவதற்குள் அது தானாக அணைந்தும் விடுகிறது. அந்த ஒரு நிமிடத்தை அளக்கும் வேலையை 8 கால்கள் கொண்ட ஒரு சின்னச் சில்லு செய்ய முடியும். கடையில் ‘555’ என்று எண்ணை மட்டும் சொன்னாலே எடுத்துக் கொடுப்பார்கள். சுவிட்சர்லாந்தில் பிறந்த ஹான்ஸ் கேமன்சிண்ட், அமெரிக்காவின் சிக்னெடிக்ஸ் நிறுவனத்துக்காக 1971-இல் இதை வடிவமைத்தார். 1972-இல் விற்பனைக்கு வந்த அதே வடிவம் இன்றும் பல நிறுவனங்களில் தயாராகிறது.

இந்தச் சில்லுக்கு நொடி என்றால் என்னவென்று தெரியாது. அதற்குள் கடிகாரம் எதுவும் ஓடவில்லை. வெளியே நாம் இணைக்கும் ஒரு ரெசிஸ்டரும் ஒரு கெப்பாசிட்டரும்தான் நேரத்தை உண்டாக்குகின்றன. சில்லு பார்ப்பது மின்னழுத்தத்தை மட்டும்தான். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கணக்கும் எளிதாகும், கணக்கு சரியாக இருந்தும் விளக்கு ஏன் சொன்னபடி அணையவில்லை என்பதும் புரியும்.

மூன்றில் ஒன்று, மூன்றில் இரண்டு

சில்லுக்குள் ஒரே அளவுள்ள மூன்று ரெசிஸ்டர்கள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் 5 கிலோ ஓம். நாம் கொடுக்கும் மின்னழுத்தத்தை அவை மூன்று சம பங்காகப் பிரிக்கின்றன. 12 வோல்ட் கொடுத்தால் 4 வோல்ட்டில் ஒரு கோடு, 8 வோல்ட்டில் ஒரு கோடு. 2-ஆம் கால் கீழ்க்கோட்டையும் 6-ஆம் கால் மேல்கோட்டையும் கவனிக்கின்றன. 2-ஆம் காலின் மின்னழுத்தம் கீழ்க்கோட்டுக்குக் கீழே இறங்கினால், வெளியீடான 3-ஆம் காலில் மின்சாரம் வரும். 6-ஆம் கால் மேல்கோட்டைத் தாண்டினால் அது நின்றுவிடும். வெளியீடு நின்றிருக்கும்போதெல்லாம் 7-ஆம் கால் தரையோடு இணைந்திருக்கும். அதாவது கெப்பாசிட்டரைக் காலி செய்யும் வடிகால் அது.

கெப்பாசிட்டர் நிரம்பும் விதத்தைத் தெரிந்துகொள்ள இரண்டு தண்ணீர்த் தொட்டிகளை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய தொட்டியில் நீர்மட்டம் மாறுவதில்லை. அதன் அடியிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வழியாகச் சிறிய தொட்டிக்கு நீர் போகிறது. தொடக்கத்தில் மட்ட வித்தியாசம் அதிகம் என்பதால் நீர் வேகமாகப் பாயும். சிறிய தொட்டி நிரம்ப நிரம்ப வித்தியாசம் குறையும், பாய்ச்சலும் தளரும். குழாயின் குறுகல்தான் ரெசிஸ்டர், சிறிய தொட்டியின் அகலம்தான் கெப்பாசிட்டர். கடைசியில் பாய்ச்சல் மெலிந்துபோகிறது என்பதை நினைவில் வையுங்கள். பிறகு வரப்போகும் சிக்கலின் வேர் அதுதான்.

பேட்டரி இறங்கி 12 வோல்ட் 9 வோல்ட்டாகிவிட்டால் நேரம் மாறாதா? மாறாது. கோடுகளும் அதே விகிதத்தில் 3 வோல்ட்டுக்கும் 6 வோல்ட்டுக்கும் இறங்கிவிடும். கெப்பாசிட்டர் நிரம்பும் வேகமும் அதே விகிதத்தில் குறையும். இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்கின்றன. கேமன்சிண்ட் முதலில் போட்ட வடிவத்தில், கெப்பாசிட்டரை நிலையான மின்னோட்டத்தால் நிரப்பும் ஒரு பகுதி சில்லுக்குள்ளேயே இருந்தது. அதற்கு 9 கால்கள் வேண்டியிருந்தன. அந்தப் பகுதியை எடுத்துவிட்டு, வெளியே ஒரு சாதாரண ரெசிஸ்டரே போதும் என்று முடிவெடுத்தபோது ஒரு கால் மிச்சமானது. சிறிய 8 கால் உறைக்குள் சில்லு அடங்கிவிட்டது.

ஒருமுறை மட்டும்: மோனோஸ்டபிள்

படிக்கட்டு விளக்குக்கு வேண்டியது ஒரு முறை எரிந்து அணைவது. இதற்கு மோனோஸ்டபிள் முறை என்று பெயர். 6-ஆம் காலையும் 7-ஆம் காலையும் ஒன்றாகச் சேர்த்து, அந்த இடத்திலிருந்து கெப்பாசிட்டரைத் தரைக்கும் ரெசிஸ்டரை 12 வோல்ட்டுக்கும் இணைக்க வேண்டும். பொத்தானை அழுத்தும்வரை 7-ஆம் கால் கெப்பாசிட்டரைக் காலியாகவே வைத்திருக்கும். அழுத்தியதும் 2-ஆம் கால் தரைக்கு இறங்கும், வெளியீடு எழும், வடிகால் மூடிக்கொள்ளும். கெப்பாசிட்டர் நிரம்பத் தொடங்கி 8 வோல்ட்டைத் தொடும் நொடியில் வெளியீடு நிற்கும், வடிகால் திறக்கும், கெப்பாசிட்டர் காலியாகும். அடுத்த அழுத்தலுக்குச் சுற்று தயார்.

வெறுமையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு நிரம்ப ஆகும் நேரம் இது:

t = 1.1 × R × C

R ஓம் அளவிலும் C ஃபாரட் அளவிலும் இருந்தால் விடை நொடியில் வரும். மெகா ஓமை மைக்ரோ ஃபாரடால் பெருக்கினாலும் நேராக நொடியே வரும் என்பதால், நடைமுறையில் அப்படிப் போடுவதுதான் வசதி. 1.1 என்பது 3-இன் இயற்கை மடக்கையான 1.0986-ஐ முழுமையாக்கிய எண். நிரம்ப வேண்டிய மொத்த வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கு மிச்சமிருக்கும்போது நிறுத்துகிறோம். அந்த 3 இங்கிருந்துதான் வருகிறது.

கெப்பாசிட்டரை முதலில் தேர்ந்தெடுங்கள்

ஒரு நிமிடத்துக்கான மதிப்புகளைக் கண்டுபிடிப்போம். ஒரே சமன்பாட்டில் தெரியாத எண்கள் இரண்டு. எதை முதலில் முடிவு செய்வது? கெப்பாசிட்டரைத்தான். கடையில் பெரிய கெப்பாசிட்டர்கள் 10, 22, 47, 100, 220, 470 மைக்ரோ ஃபாரட் என்று சில அளவுகளில்தான் கிடைக்கும். ரெசிஸ்டரோ நெருக்கமான படிகளில் கிடைக்கும். படிகளுக்கு நடுவே வேண்டுமென்றால் திருகிச் சரிசெய்யும் பிரீசெட்டும் உண்டு.

100 மைக்ரோ ஃபாரட் எடுத்துக்கொள்வோம். R = 60 ÷ (1.1 × 100), அதாவது 0.545 மெகா ஓம் அல்லது 545 கிலோ ஓம். கடையில் கிடைக்கும் பக்கத்து மதிப்பு 560 கிலோ ஓம். பச்சை, நீலம், மஞ்சள் பட்டைகள் கொண்டது. அதைப் போட்டால் 61.6 நொடி. காகிதத்தில் கணக்கு முடிந்துவிட்டது.

ஆனால் 100 மைக்ரோ ஃபாரட் அளவில் நாம் வாங்குவது எலெக்ட்ரோலிட்டிக் வகை. அதன் மேல் அச்சிட்ட மதிப்பிலிருந்து 20 சதவீதம் கூடவோ குறையவோ இருப்பது வழக்கமான அனுமதி. உண்மையில் 80 இருக்கலாம், 120-உம் இருக்கலாம். அதே 560 கிலோ ஓமோடு முதலாவது 49 நொடியில் அணையும், இரண்டாவது 74 நொடி எரியும். ரெசிஸ்டரை எவ்வளவு துல்லியமாக வாங்கினாலும் இந்த இடைவெளி போகாது.

அதனால் ரெசிஸ்டரை இரண்டாகப் பிரிக்க வேண்டும். கெப்பாசிட்டர் 120 ஆக இருந்தால் ஒரு நிமிடத்துக்கு 455 கிலோ ஓம் தேவை, 80 ஆக இருந்தால் 682 கிலோ ஓம் தேவை. 390 கிலோ ஓம் நிலையான ரெசிஸ்டரோடு 470 கிலோ ஓம் பிரீசெட்டைத் தொடராக இணைத்தால், 390-லிருந்து 860 வரை எங்கு வேண்டுமானாலும் நிறுத்திக்கொள்ளலாம். எந்தக் கெப்பாசிட்டர் கைக்கு வந்தாலும் ஒரு நிமிடம் அந்த எல்லைக்குள் அகப்பட்டுவிடும். நிலையான ரெசிஸ்டருக்கு இன்னொரு வேலையும் உண்டு. பிரீசெட்டைக் கடைசிவரை திருகிவிட்டாலும் 7-ஆம் கால் நேரடியாக 12 வோல்ட்டைத் தொடாமல் அது காக்கும். அந்தக் காப்பு இல்லாவிட்டால் வடிகால் திறக்கும்போது சில்லு எரிந்துபோகும்.

கசிவு

நேரம் கூடிக் குறைவதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் தனக்குள் வைத்திருக்கும் மின்னூட்டத்தைச் சிறிது சிறிதாகக் கசிய விடும். நிரப்பும் மின்னோட்டம் தாராளமாக இருக்கும்வரை அந்தக் கசிவு தெரியாது. நம் சுற்றில் 8 வோல்ட்டை நெருங்கும்போது ரெசிஸ்டரின் குறுக்கே மிச்சம் 4 வோல்ட்தான். 545 கிலோ ஓம் வழியாக அப்போது பாய்வது சுமார் 7.3 மைக்ரோ ஆம்பியர். இந்த மெல்லிய ஓட்டத்திலிருந்துதான் கசிவு தன் பங்கை எடுத்துக்கொள்கிறது.

கசிவு 1 மைக்ரோ ஆம்பியர் என்றால் 60 நொடி 65 நொடியாகும். 3 மைக்ரோ ஆம்பியர் என்றால் சுமார் 81 நொடி. 7.3-ஐத் தொட்டுவிட்டால் வருவதும் போவதும் சமமாகி, மின்னழுத்தம் 8 வோல்ட்டைத் தாண்டவே தாண்டாது, விளக்கு அணையவே அணையாது. 25 வோல்ட் தாங்கும் 100 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டருக்குத் தயாரிப்பாளர்கள் பொதுவாகக் கொடுக்கும் கசிவு உச்சவரம்பு 25 மைக்ரோ ஆம்பியர். நல்ல சரக்கு அதில் சிறு பங்குதான் கசியும். ஆனால் உத்தரவாதமாக எழுதிக் கொடுப்பது அந்த 25-ஐத்தான். வெப்பம் ஏறினால் கசிவு கூடும். நெடுங்காலம் பயன்படாமல் கிடந்த கெப்பாசிட்டரும் முதலில் அதிகம் கசிந்து, மின்சாரம் பட்டபின் மெல்ல மெல்லத் தேறும். புதிதாகக் கட்டிய சுற்றில் முதல் சில அழுத்தல்கள் நீண்டும், பிறகு வரவரக் குறைந்தும் வந்தால் காரணம் பெரும்பாலும் இதுவே.

கெப்பாசிட்டரைப் பெரிதாக்கி ரெசிஸ்டரைச் சிறிதாக்கினால் நிரப்பும் ஓட்டம் கூடுமே என்று தோன்றும். 470 மைக்ரோ ஃபாரட் போட்டால் 116 கிலோ ஓம் போதும், கடைசி ஓட்டமும் 34 மைக்ரோ ஆம்பியராக உயரும். ஆனால் கெப்பாசிட்டரின் அளவோடு சேர்ந்து கசிவின் வரம்பும் உயர்கிறது. இப்போது அது 117 மைக்ரோ ஆம்பியர். ஓட்டமும் 4.7 மடங்கு, கசிவும் 4.7 மடங்கு. நேரம் ஒன்றாகவே இருக்கும்வரை இந்த விகிதம் மாறாது. அளவை மாற்றித் தப்பிக்க வழியில்லை. கசிவு குறைந்த வகையை வாங்குவது ஒரு வழி. நேரத்தைக் குறைத்துக்கொள்வது இன்னொரு வழி. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் வரை எலெக்ட்ரோலிட்டிக்கை நம்பலாம். பத்து நிமிடத்தை இதே வழியில் கேட்பது சரியாகாது.

விளக்கு அணையாமல் நின்றால் காரணத்தைக் கண்டுபிடிக்க டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். அதன் ஒரு முனையைத் தரையிலும் இன்னொன்றை 6-ஆம் காலிலும் வைத்து எண் ஏறுவதைப் பாருங்கள். 6 அல்லது 7 வோல்ட்டில் போய் அசையாமல் நின்றுவிட்டால் கசிவு. 8-ஐத் தாண்டி 12-ஐ நோக்கி ஏறிக்கொண்டே போனால் குற்றம் 2-ஆம் காலில் இருக்கிறது. அது இன்னும் தரையிலேயே பிடிபட்டிருக்கிறது. பழைய முள் மீட்டரை இதற்குப் பயன்படுத்தக்கூடாது. 10 வோல்ட் அளவில் அதன் உள்தடை 200 கிலோ ஓம் போலத்தான் இருக்கும். நிரப்பும் ஓட்டத்தில் பெரும்பகுதியை அதுவே உறிஞ்சிவிடும், நன்றாக இருக்கும் சுற்றையும் கெட்டதாகக் காட்டும்.

விரல் எடுக்காத அழுத்தல்

2-ஆம் கால் தரையில் இருக்கும்வரை வெளியீடு நிற்காது. ஒரு நிமிடச் சுற்றில் யாரும் அவ்வளவு நேரம் அழுத்திக்கொண்டிருக்க மாட்டார்கள் என்றாலும், பொத்தான் சிக்கிக்கொள்வதுண்டு. அதனால் பொத்தானை 2-ஆம் காலோடு நேராக இணைக்காமல் நடுவே 0.01 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைப் போடுவது நல்லது. 2-ஆம் காலை 10 கிலோ ஓமாலும், பொத்தான் இருக்கும் பக்கத்தை 100 கிலோ ஓமாலும் 12 வோல்ட்டுக்கு இழுத்துக் கட்ட வேண்டும். அழுத்தும் கணத்தில் மட்டும் ஒரு குறும்துடிப்பு கடந்துபோகும். பிறகு எவ்வளவு நேரம் அழுத்திக்கொண்டிருந்தாலும் 2-ஆம் கால் மேலேறிவிடும்.

யாரும் தொடாமலே விளக்கு எரிந்தால், மின்கம்பி வழியாக வரும் இரைச்சலைச் சந்தேகிக்க வேண்டும். சாதாரண 555 தன் வெளியீட்டை மாற்றும் கணத்தில் ஒரு பெரிய மின்னோட்டத் துள்ளலை இழுக்கும். 8-ஆம் காலுக்கும் 1-ஆம் காலுக்கும் நடுவே, சில்லை ஒட்டியே 0.1 மைக்ரோ ஃபாரட் ஒன்றும் 100 மைக்ரோ ஃபாரட் ஒன்றும் இருக்க வேண்டும். 5-ஆம் காலிலிருந்து தரைக்கு 0.01 மைக்ரோ ஃபாரட் வேண்டும். 4-ஆம் காலைத் தொங்கவிடாமல் 12 வோல்ட்டில் கட்ட வேண்டும். விளக்கை ஏற்றும் ரிலேயின் சுருளுக்குக் குறுக்கே ஒரு டயோடு கட்டாயம். ரிலேயின் மறுபக்கம் 230 வோல்ட் என்பதால், அந்த இணைப்பை மின்பணியாளர் செய்து மூடிய பெட்டிக்குள் வைப்பதே முறை.

ஓயாத துடிப்பு: அஸ்டபிள்

2-ஆம் காலையும் 6-ஆம் காலையும் ஒன்றாக இணைத்துக் கெப்பாசிட்டரில் மாட்டினால் பொத்தானே தேவையில்லை. மேல்கோட்டைத் தொட்டதும் கெப்பாசிட்டர் வடியத் தொடங்கும். கீழ்க்கோட்டைத் தொட்டதும் மறுபடி நிரம்பத் தொடங்கும். இது அஸ்டபிள் முறை. இங்கே ரெசிஸ்டர்கள் இரண்டு. 12 வோல்ட்டிலிருந்து 7-ஆம் கால்வரை RA, 7-ஆம் காலிலிருந்து கெப்பாசிட்டர்வரை RB. நிரம்பும்போது மின்சாரம் இரண்டையும் கடந்து வருகிறது. வடியும்போது RB வழியாக மட்டும் போகிறது.

T = 0.693 × (RA + 2 × RB) × C

முன்பு 1.1 இருந்த இடத்தில் இப்போது 0.693. கெப்பாசிட்டர் வெறுமையிலிருந்து கிளம்பாமல் மூன்றில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் இரண்டு பங்குக்கு ஏறுகிறது. மிச்ச வித்தியாசம் சரிபாதியாகிறது. 2-இன் இயற்கை மடக்கைதான் 0.693. மின்சாரம் கொடுத்தவுடன் வரும் முதல் துடிப்பு மட்டும் மற்றவற்றைவிட நீளமாக இருப்பதற்கும் காரணம் இதுவே. அந்த ஒரு முறை மட்டும் கெப்பாசிட்டர் வெறுமையிலிருந்து ஏறுகிறது.

நொடிக்கொருமுறை கண்சிமிட்டும் எல்.இ.டி. வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். C 10 மைக்ரோ ஃபாரட், RA 10 கிலோ ஓம், RB 68 கிலோ ஓம். கூட்டினால் 146 கிலோ ஓம், சுற்றுக்காலம் 1.01 நொடி. அதில் 0.54 நொடி எரியும், 0.47 நொடி அணைந்திருக்கும். எரியும் நேரம் எப்போதும் சற்றுக் கூடவே இருக்கும், ஏனென்றால் RA அந்தப் பக்கம் மட்டும் சேர்கிறது. இரண்டையும் சமமாக்க RA-வை மிகச் சிறிதாக்கக்கூடாது. வடியும் நேரத்தில் RA நேராக 12 வோல்ட்டுக்கும் தரைக்கும் நடுவே நிற்கும். 1 கிலோ ஓமுக்குக் கீழே போகாமலிருப்பது நல்லது. RB-க்குக் குறுக்கே ஒரு டயோடைப் போட்டால் நிரப்பும் ஓட்டம் RB-யைத் தவிர்த்துச் சென்றுவிடும், எரியும் நேரத்தைத் தனியாகக் குறைத்துக்கொள்ளலாம்.

அரை மணி நேரத்துக்கு

தண்ணீர் மோட்டார் அரை மணியில் தானே நிற்க வேண்டும் என்றால் மோனோஸ்டபிள் கைகொடுக்காது, கசிவு விடாது. அங்கே அஸ்டபிளை ஓடவிட்டு, அதன் துடிப்புகளை எண்ணுவதுதான் வழி. 4020 என்ற எண்ணும் சில்லின் கடைசி வெளியீடு 8192-ஆவது துடிப்பில் எழும். 1800 நொடியை 8192-ஆல் வகுத்தால் ஒரு துடிப்புக்கு 0.22 நொடி.

இவ்வளவு குறுகிய நேரத்துக்கு எலெக்ட்ரோலிட்டிக்கே தேவையில்லை. கசிவே இல்லை என்று சொல்லக்கூடிய 1 மைக்ரோ ஃபாரட் பிலிம் கெப்பாசிட்டர் போதும். அதன் அனுமதி வித்தியாசமும் 5 அல்லது 10 சதவீதத்தில் அடங்கும். RA 18 கிலோ ஓம், RB 150 கிலோ ஓம் என்றால் கூட்டு 318 கிலோ ஓம். ஒரு துடிப்பு 0.2204 நொடி, 8192 துடிப்புகள் 1805 நொடி. அதாவது 30 நிமிடமும் 5 நொடியும்.

சரிபார்க்க அரை மணி காத்திருக்கவும் வேண்டாம். RB-யில் ஒரு பகுதியைப் பிரீசெட்டாக வைத்து, எல்.இ.டி.யின் 100 துடிப்புகளைக் கைக்கடிகாரத்தில் பாருங்கள். 22 நொடி வரும்வரை திருகினால் போதும். பெரிய நேரத்தை ஒரே கெப்பாசிட்டரில் அடைக்க முயன்றால், அதன் குறைகள் அத்தனையும் நேரத்துக்குள் வந்துவிடும். சிறிய நேரத்தைச் சரியாக உண்டாக்கிப் பலமுறை எண்ணினால், குறைகள் சிறியதாகவே நின்றுவிடுகின்றன. நேரச் சுற்று அமைக்க உட்காரும்போது முதலில் கேட்க வேண்டியது, இவ்வளவு நேரத்துக்கு எந்த வகைக் கெப்பாசிட்டரை நம்பலாம் என்பது. அதற்குப் பதில் கிடைத்தபிறகு ரெசிஸ்டரைக் கண்டுபிடிப்பது ஒரு வகுத்தல் கணக்குதான்.